எஞ்சியிருப்போரின் இரண்டு கேள்விகள்

கடந்த 2025 ஜூலை மாதத்தில் டிசிஎஸ் நிறுவனம் தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 சதவீதத்தினரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப் போவதாக அறிவித்தபோது, நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் அந்த 2 சதவீதத்தினரைப் பற்றியே பேசின. அது இயல்பு. வேலை இழந்தவரின் வீட்டுக் கடன், பிள்ளைகளின் கல்விக் கட்டணம், நடுத்தர வயதில் மீண்டும் வேலை தேட வேண்டிய அவலம் ஆகியவை நம் கவனத்தைக் கோருபவை. ஆயினும், எந்த ஆட்குறைப்பிலும் இன்னொரு தரப்பு உண்டு. மறுநாள் காலையில் அதே அலுவலகத்துக்கு வந்து, காலியான நாற்காலிக்கு அருகில் அமர்ந்து வேலையைத் தொடங்க வேண்டியவர்கள் அவர்கள். எண்ணிக்கையில் அவர்களே மிகப் பலர். அவர்களிடம் என்ன பேசுவது, யார் பேசுவது, எப்போது பேசுவது என்பதைப் பெரும்பாலான நிர்வாகங்கள் யோசிப்பதே இல்லை.

எஞ்சியிருக்கும் ஊழியரின் மனத்தில் இரண்டு கேள்விகள் இருக்கும். ஒன்று, 'அடுத்த பட்டியலில் என் பெயர் இருக்குமா?' மற்றொன்று, 'போனவர்களின் வேலையை யார் செய்வது?' நிர்வாகங்கள் அனுப்பும் சுற்றறிக்கைகளில் நிறுவனத்தின் எதிர்காலம், சந்தைச் சூழல், கடின முடிவு, குடும்ப உணர்வு என எல்லாம் இருக்கும். இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை மட்டும் இருக்காது. நம்பிக்கை உடைவது அங்கேதான். அதைச் சீர்செய்யும் வேலையும் அந்த இரண்டு கேள்விகளிலிருந்தே தொடங்க வேண்டும்.

இதில் பொருளாதாரவியலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஆட்குறைப்பின் நோக்கம் செலவுக் குறைப்பு. அந்தச் சேமிப்பு கைக்கு வருமா என்பது, எஞ்சியிருப்போர் அடுத்த ஓராண்டில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற நூலில், ஓர் அமைப்பின் நிலை சரியும்போது அதிலுள்ளவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு என்றார். வெளியேறுவது ஒன்று, உள்ளேயிருந்து குரல் எழுப்புவது மற்றொன்று. குரல் எழுப்பும் வழி அடைபட்டால், வெளியேறும் வழி அகலமாகும். அந்த வழியில் முதலில் செல்பவர்கள் வேறு இடத்தில் எளிதாக வேலை கிடைக்கக் கூடிய திறமைசாலிகள். நிர்வாகம் யாரை இழக்க விரும்பவில்லையோ அவர்களே முதலில் விலகுகிறார்கள். அமெரிக்க நிறுவனங்களை ஆராய்ந்து சார்லி டிரெவர், ஆன்டனி நைபர்க் ஆகிய இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வும் ஆட்குறைப்புக்குப் பின் தாமாக விலகுவோரின் விகிதம் உயர்வதைக் காட்டியது. ஊழியர்களை நியாயமாக நடத்தும் நடைமுறைகள் இருந்த இடங்களில் அந்த உயர்வு குறைவாக இருந்தது என்பதையும் அதே ஆய்வு கண்டறிந்தது.

விளக்கிச் சொல்வதால் உண்மையில் ஏதேனும் மாறுமா? இதற்கு ஜெரால்ட் கிரீன்பர்க் என்பவர் 1990-இல் வெளியிட்ட ஆய்வு தெளிவான விடை தருகிறது. ஒப்பந்தங்களை இழந்த ஓர் அமெரிக்க நிறுவனம், தன் இரண்டு தொழிற்சாலைகளில் 10 வாரங்களுக்கு 15 சதவீத ஊதியக் குறைப்பை அறிவித்தது. முதல் தொழிற்சாலைக்கு நிறுவனத் தலைவரே சென்றார். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கணக்குகளை வரைபடங்களுடன் காட்டி, வருத்தம் தெரிவித்து, ஒவ்வொரு கேள்விக்கும் விடையளித்தார். இரண்டாவது தொழிற்சாலையில் சுமார் 15 நிமிடங்களில் அறிவிப்பு முடிந்துவிட்டது. மூன்றாவது தொழிற்சாலையில் குறைப்பே இல்லை. அது ஒப்பீட்டுக்கு உதவியது. ஊதியம் குறைக்கப்பட்ட இரு இடங்களிலும் பொருள்கள் திருட்டுப் போவது அதிகரித்தது. ஆனால், 15 நிமிடங்களில் சொல்லி முடித்த இடத்தில் அது மிக அதிகமாக இருந்தது. வேலையை விட்டு விலகியவர்களும் அங்கேதான் அதிகம். இழப்பு இரு இடங்களிலும் ஒன்றுதான். விளக்கம் மட்டுமே வேறு. அது ஊதியக் குறைப்பு பற்றிய ஆய்வு, ஆட்குறைப்பு பற்றியதன்று என்பதை மறக்கலாகாது. எனினும், விளக்கத்துக்கென்று தனியே ஒரு மதிப்பு உண்டு என்பதை அது நிறுவுகிறது.

இனி, நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு சில ஆண்டுகள் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் ஆட்சிக் குழுவில் உறுப்பினராக இருந்தேன். கலந்தாய்வில் கணினி சார்ந்த பிரிவுகளை நோக்கி மாணவர்கள் திரண்டதால், கட்டடவியல், இயந்திரவியல் பிரிவுகளில் இடங்கள் நிரம்பாமல் போன காலம் அது. முதலில் கட்டடவியல் துறையில் 12 ஆசிரியர்களில் மூவர் நீக்கப்பட்டனர். ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் அவர்களுக்குக் கடிதம் தரப்பட்டது. திங்கள்கிழமை காலையில், எஞ்சிய ஒன்பது பேருக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. 'நம் கல்லூரி ஒரு குடும்பம். கடினமான காலத்தில் அனைவரும் தோள் கொடுக்க வேண்டும்' என்பது அதன் சாரம். நீக்கப்பட்டவர்கள் 'செயல்திறன் அடிப்படையில்' தேர்வு செய்யப்பட்டதாகவும் ஒரு வரி இருந்தது.

அந்த ஒரு வரி செய்த கேடு பெரிது. நீக்கப்பட்ட மூவரில் ஒருவர், மாணவர் மதிப்பீட்டில் துறையிலேயே முதலிடத்தில் இருந்தவர் என்பது அந்த ஒன்பது பேருக்கும் தெரியும். அவருடைய ஊதியம் அதிகம் என்பதே காரணம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆகவே, நிர்வாகம் பொய் சொல்கிறது என்ற முடிவுக்கு அவர்கள் அன்று காலையிலேயே வந்துவிட்டனர். அதன் பிறகு சொல்லப்பட்ட எதையும் அவர்கள் நம்பவில்லை. நீக்கப்பட்டவர்களின் வகுப்புகள் மூன்று நாள்களில் கால அட்டவணையில் ஏற்றப்பட்டன. அடுத்த பருவம் முடிவதற்குள் மேலும் மூவர் தாமாகவே விலகினர். அவர்களில் இருவர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். கல்லூரி அவசரமாக விளம்பரம் செய்து, முன்பைவிடக் கூடுதல் ஊதியத்தில் இருவரை அமர்த்தியது. மூன்று பேரின் ஊதியத்தைச் சேமிக்கப் புறப்பட்ட கணக்கு அங்கே குலைந்தது.

மறு ஆண்டு இயந்திரவியல் துறையின் முறை வந்தது. 15 பேரில் நால்வரைக் குறைப்பது தவிர்க்க முடியாதது என்று நிர்வாகம் முடிவு செய்தது. அந்த முடிவு சரியா என்பது தனி விவாதம். 'முந்தைய ஆண்டின் தவறைத் திரும்பச் செய்யாதீர்கள்' என்று ஆட்சிக் குழுவில் சிலர் வற்புறுத்தியதால், இம்முறை வேறு விதமாக நடந்தது. அந்த நடைமுறையைப் படிப்படியாக விவரிப்பது பயனுள்ளதாக இருக்கும்.

முதலாவதாக, துறைத் தலைவருக்கு ஒரு நாள் முன்னதாகவே முழு விவரமும் சொல்லப்பட்டது. இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். உண்மையில், பெரும்பாலான இடங்களில் இடைநிலை மேலாளருக்கும் மற்றவர்களோடு சேர்ந்துதான் செய்தி தெரிகிறது. ஊழியர்கள் முதலில் ஓடிச் சென்று கேட்பது அவரிடம்தான். அவரோ, 'எனக்கும் உங்களைப் போலத்தான்' என்று கையை விரிக்கிறார். அவரும் எஞ்சியிருப்போரில் ஒருவர். அவருக்கும் அதே அச்சம் உண்டு. ஆகவே, அவருடைய வேலை என்னவாகும் என்பதை முதலில் அவரிடம் தெளிவுபடுத்த வேண்டும். அதன் பிறகே அவரால் மற்றவர்களிடம் நிதானமாகப் பேச முடியும்.

இரண்டாவதாக, நால்வருக்கும் தனித்தனியாக நேரில் சொல்லப்பட்ட அன்றைய தினமே, எஞ்சிய 11 பேருடன் முதல்வரும் துறைத் தலைவரும் அமர்ந்து பேசினர். அரங்கக் கூட்டமாக இல்லாமல் துறையின் அறையிலேயே அந்தச் சந்திப்பு நடந்தது. எத்தனை பேர், எந்த அளவுகோலில், என்ன இழப்பீட்டுடன் சென்றார்கள் என்பது முதலில் சொல்லப்பட்டது. அளவுகோல் பணி மூப்பு. கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் சென்றனர். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் தொழிலாளர்களுக்கு வகுத்த நெறியும் இதுவே. ஆசிரியர்கள் அந்தச் சட்டத்தின் பொருளில் தொழிலாளர் அல்லர் என்று உச்சநீதிமன்றம் 1988-இல் தீர்ப்பளித்துள்ளது. ஆதலால், சட்டப்படி அந்தக் கல்லூரிக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. எனினும், எவரும் சரிபார்த்துக்கொள்ளக் கூடிய ஓர் அளவுகோல் என்பதால் அதை ஏற்றுக்கொண்டார்கள். அதே சட்டத்தின் இன்னொரு நெறியையும் கடைப்பிடிப்பதாகக் கூறினர்: மீண்டும் ஆள் எடுக்க நேர்ந்தால், சென்ற நால்வரே முதலில் அழைக்கப்படுவார்கள்.

சென்றவர்களைப் பற்றிய இந்த விவரங்கள் எஞ்சியவர்களுக்கு எதற்கு என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்டார். போனவர்களை நடத்திய விதத்தில்தான், நாளை தம்மை நடத்தப் போகும் விதத்தை இருப்பவர்கள் பார்க்கிறார்கள். இழப்பீடு எவ்வளவு, அனுபவச் சான்றிதழ் உடனே கிடைத்ததா, விடைபெற்றுச் செல்ல அவகாசம் தரப்பட்டதா என்பதெல்லாம் அவர்களுக்கு அந்நியமான செய்திகள் அல்ல. அவை அவர்களுடைய சொந்த எதிர்காலத்தைப் பற்றிய செய்திகள்.

அந்தச் சந்திப்பில் ஓர் இளம் உதவிப் பேராசிரியர் எழுந்து, "சார், அடுத்த பட்டியல் எப்போது?" என்று நேரடியாகவே கேட்டார். அறை அமைதியானது. 'இனி யாரையும் நீக்க மாட்டோம்' என்று சொல்லிவிடும் ஆசை எந்த நிர்வாகிக்கும் எழும். அதுவே மிக ஆபத்தான வாக்கியம். வாக்குறுதி பொய்த்தால் பிறகு எந்தச் சொல்லுக்கும் மதிப்பிருக்காது. 'எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது' என்பதும் விடையாகாது. அன்று மாலையே எல்லோரும் வேலை தேடத் தொடங்கிவிடுவார்கள். முதல்வர் இவ்வாறு சொன்னார்: "இந்தக் கல்வியாண்டு முடியும் மே 31 வரை உங்கள் பதினோரு பேரில் யாரையும் நீக்க மாட்டோம். அதை எழுத்து மூலமாகவே தருகிறோம். அதற்குப் பிறகு நடப்பது சேர்க்கையைப் பொறுத்தது. செப்டம்பரில் சேர்க்கை முடிந்ததும் எண்ணிக்கையை உங்களிடமே காட்டுகிறோம். முதலாண்டில் 50 பேர் சேர்ந்தால் அடுத்த ஆண்டும் மாற்றம் இருக்காது. அதற்குக் குறைந்தால், டிசம்பருக்குள் உங்களை அழைத்துப் பேசுவோம்."

இந்த விடையில் மூன்று கூறுகள் இருப்பதைக் கவனிக்கலாம். தெரிந்தது எது, தெரியாதது எது, தெரியாதது தெரியவரும் தேதி எது என்பவையே அவை. மூன்றாவது கூறுதான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அச்சத்துக்கு ஓர் எல்லைக் கோடு கிடைத்துவிட்டால் மனிதர்களால் அதைச் சுமக்க முடியும். எல்லையற்ற அச்சமே அவர்களை வெளியேறச் செய்கிறது. அதோடு, அளவிடத்தக்க ஒரு நிபந்தனையுடன் இணைந்த வாக்குறுதியை ஊழியர்களே சரிபார்த்துக்கொள்ள முடியும். பொருளாதாரவியல் இதனை நம்பத்தகுந்த உறுதிமொழி என்கிறது.

இனி இரண்டாவது கேள்வி, பணிச்சுமை. ஆட்குறைப்புக்குப் பிந்தைய உரையாடல்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். முதல் கேள்விக்கு நல்ல சொற்களால் ஓரளவு விடை சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்குக் கணக்கு வேண்டும்.

அந்தத் துறையின் கணக்கைப் பார்ப்போம். 15 பேர் இருந்தபோது வாரத்துக்கு 234 மணி நேர வகுப்புகள் நடந்தன. சராசரியாக ஒருவருக்கு 15.6 மணி நேரம். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தல் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் குறிப்பிடும் அளவு. மாணவர் எண்ணிக்கை குறைந்து சில பிரிவுகள் இணைக்கப்பட்டதால், தேவை 187 மணி நேரமாகக் குறைந்தது. அதை 11 பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 17 மணி நேரம். 'ஒன்றரை மணி நேரம்கூடக் கூடவில்லையே' என்றுதான் நிர்வாகம் வாதிட்டது. காகிதத்தில் அது உண்மையும்கூட.

காகிதத்தில் இல்லாத வேலைகளை யாரும் எண்ணவில்லை. சென்ற நால்வரும் வகுப்புக்கு வெளியே என்னவெல்லாம் செய்து வந்தார்கள் என்று ஒரு பட்டியல் எடுக்கும்படி துறைத் தலைவரிடம் கேட்டோம். நிர்வாகத்தின் ஆவணங்களில் ஒன்பது பொறுப்புகள் இருந்தன. துறைத் தலைவர் அந்த நால்வரிடமும், அவர்களுடன் பணியாற்றியவர்களிடமும் கேட்டுத் தொகுத்தபோது பட்டியல் 23 ஆக நீண்டது. ஆய்வகக் கருவிகளின் பராமரிப்புப் பதிவேடு, தரமதிப்பீட்டுக் கோப்புகள், ஒவ்வொருவரின் பொறுப்பிலும் இருந்த 20 மாணவர்களுக்கான வழிகாட்டல், கட்டண நிலுவைக்காகப் பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்தல், பேருந்துப் பட்டியல், விடுமுறை நாள்களில் பள்ளிகளுக்குச் சென்று மாணவர் சேர்க்கைக்கு ஆள் பிடித்தல் என்று அது போயிற்று. இவற்றுக்கு ஆளுக்கு வாரம் பத்து மணி நேரம், மொத்தம் 40 மணி நேரம் ஆகியிருந்தது. அந்த 40 மணி நேரத்தை 11 பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 3.6 மணி நேரம். வகுப்பில் கூடும் 1.4 மணி நேரத்தோடு சேர்த்தால், உண்மையான கூடுதல் சுமை வாரத்துக்கு 5 மணி நேரம். நிர்வாகம் 'ஒன்றரை' என்கிறது. ஊழியர் 'ஐந்து' என்று உணர்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. எண்ணப்படாத வேலைதான் அவர்களுக்கு இடையே நிற்கிறது.

பட்டியல் கையில் வந்ததும், 11 பேரும் அமர்ந்து அந்த 23 வேலைகளையும் நான்காகப் பிரித்தனர். ஏழு வேலைகள் அறவே கைவிடப்பட்டன. மென்பொருளில் வருகையைப் பதிவு செய்த பிறகும் தாள் பதிவேட்டில் மீண்டும் எழுதுவது, யாரும் படிக்காத வாராந்திர அறிக்கை, பள்ளிகளுக்குச் சென்று ஆள் சேர்ப்பது ஆகியவை அவற்றுள் சில. துறையின் செய்தி மடல், ஒருநாள் கருத்தரங்கு போன்ற ஐந்து வேலைகள் ஓராண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டன. கட்டண நிலுவை அழைப்புகள், பேருந்துப் பட்டியல் உள்ளிட்ட ஆறு வேலைகள் கல்லூரி அலுவலகத்துக்கு மாற்றப்பட்டன. எஞ்சியவை ஐந்தே. மாணவர் வழிகாட்டல், இரண்டு ஆய்வகங்களின் பொறுப்பு போன்ற அந்த ஐந்தையும் 11 பேரும் பகிர்ந்துகொண்டனர். அவற்றுக்கு மொத்தம் 11 மணி நேரம். தலைக்கு ஒரு மணி நேரம்.

கற்பித்தலிலும் கை வைத்தார்கள். மூன்று விருப்பப் பாடங்களை அந்த ஆண்டு நடத்துவதில்லை என முடிவானது. அதில் 9 மணி நேரம் குறைந்தது. வாரம் 2 மணி நேர மென்திறன் வகுப்பு வேலைவாய்ப்புப் பிரிவின் பொறுப்பாயிற்று. 187 என்பது 176 ஆனது. தலைக்குச் சரியாக 16 மணி நேரம். ஆக, முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டால் ஒருவருக்குக் கூடிய சுமை 5 மணி நேரத்திலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது.

அது பூஜ்யம் ஆகவில்லை என்பதைத் துறைத் தலைவர் ஒளிக்கவில்லை. "வேலை கூடத்தான் செய்கிறது. எவ்வளவு கூடுகிறது என்பது இதோ இந்தத் தாளில் இருக்கிறது" என்றே சொன்னார். கைவிட்ட பாடங்களால் மாணவர்களுக்கு ஏற்படும் இழப்பையும் அந்தத் தாளிலேயே எழுதி வைத்தனர். ஆட்குறைப்பு என்றால் சில வேலைகள் நடக்காது. எவை நடக்காது என்பதை நிர்வாகம் தன் வாயால் சொல்லாவிட்டால், அதை ஊழியர்கள் தம் உடலால் ஈடுகட்டுவார்கள். அல்லது, எதை விடுவது என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியாக, யாருக்கும் தெரியாமல் முடிவு செய்வார்கள். ஆய்வகக் கருவியின் பராமரிப்பு விடுபட்டதும், பேருந்துப் பட்டியல் விடுபடாததும் அப்படித்தான் நேர்கின்றன.

அந்தத் தாள் துறையின் அறைச் சுவரில் ஒட்டப்பட்டது. அதன் அடியில் ஒரு விதியும் எழுதப்பட்டது: பட்டியலில் புதிய வேலை எதையும் சேர்க்கும் முன், அதற்காக எதை நீக்குகிறோம் என்று எழுத வேண்டும்.

இந்த விதிக்கான சோதனை மூன்றாம் மாதத்தில் வந்தது. சேர்க்கை குறைந்துவிடும் என்று பதறிய நிர்வாகம், எல்லா ஆசிரியர்களும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிகளுக்குச் செல்ல வேண்டும் என்று ஆணையிட்டது. அது கைவிடப்பட்ட ஏழு வேலைகளில் ஒன்று. துறைத் தலைவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு முதல்வரிடம் சென்றார். முதல்வர் அன்றே ஆணையைத் திரும்பப் பெற்றார் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அதுவன்று. இரண்டு நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு, விருப்பமுள்ளவர்கள் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வது, அதற்கு ஈடாக ஒரு வேலை நாளில் விடுப்பு எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஐந்து பேர் சென்றனர். முழு வெற்றி இல்லை. ஆனால் எழுதப்பட்ட சொல் மதிக்கப்பட்டது. முதல் நாள் கூட்டத்தைவிட அந்த இரண்டு நாள் வாக்குவாதமே நம்பிக்கையை அதிகம் மீட்டது என்பது என் கணிப்பு. நிர்வாகம் சொல்வதை ஊழியர்கள் கேட்டுக்கொள்வார்கள். அந்தச் சொல் தனக்கே இடைஞ்சலாகும்போது நிர்வாகம் என்ன செய்கிறது என்று பார்த்த பிறகுதான் நம்புவார்கள்.

முதல் கூட்டத்தோடு பேச்சு முடிந்துவிடவும் இல்லை. முதல் எட்டு வாரங்களுக்கு வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை, அரை மணி நேரச் சந்திப்பு நடந்தது. சொல்ல ஒன்றுமில்லாத வாரத்திலும் அது ரத்து செய்யப்படவில்லை. 'இந்த வாரம் புதிய செய்தி எதுவும் இல்லை' என்பதும் அச்சத்தில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தியே. நேரில் கேட்கத் தயங்குபவர்கள் பெயர் எழுதாமல் கேள்வியைப் பெட்டியில் போடலாம். அடுத்த சந்திப்பில் எழுத்து மூலம் விடை தரப்படும்.

நம்பிக்கை மீள்கிறதா, இல்லையா என்பதை எப்படி அறிவது? கேள்விகள் நின்றுவிட்டால் நிர்வாகிகள் நிம்மதி அடைகிறார்கள். ஹிர்ஷ்மன் சொன்ன கோணத்தில் பார்த்தால், அதுவே அபாய அறிகுறி. குரல் எழுப்புவது வீண் என்று முடிவு செய்தவர்கள் வெளியேறும் வழியைத் தேடத் தொடங்கிவிட்டார்கள் என்பதே அதன் பொருள். அனுபவச் சான்றிதழ் கேட்டு வரும் விண்ணப்பங்கள், திங்கள்கிழமைகளில் எடுக்கப்படும் தற்செயல் விடுப்புகள், வழக்கமாகப் பிழையின்றி வரும் மதிப்பெண் பட்டியல்களில் தென்படும் பிழைகள் ஆகியவை பிற அறிகுறிகள். அந்தத் துறையில் கேள்விகள் நிற்கவில்லை. நாளாக ஆக அவை கூர்மையாயின. அந்தக் கல்வியாண்டில் 11 பேரில் ஒருவர் மட்டும் அரசுப் பணி கிடைத்து விலகினார். சேர்க்கையும் ஓரளவு நிலைபெற்றதால், நீக்கப்பட்ட நால்வரில் ஒருவர் அந்த இடத்துக்கு அழைக்கப்பட்டார். அவர் வந்து சேர்ந்த நாளில், சொன்னதைச் செய்தார்கள் என்று துறையில் பேசிக்கொண்டனர்.

இரண்டு துறைகளின் கதையை வைத்துப் பொது விதி வகுத்துவிட முடியாது. ஆண்டு வேறு, மனிதர்கள் வேறு, சேர்க்கைச் சூழலும் வேறு. பேச்சுக்கும் சில வரம்புகள் உண்டு. சில மாதங்களில் இரண்டாவது பட்டியல் வரும் என்று தெரிந்தே முதல் கூட்டத்தில் ஆறுதல் சொல்பவரை எந்த உரையாடல் முறையும் காப்பாற்றாது. குறைப்பதானால் ஒரே முறையில் குறைப்பது, தவணை முறையில் குறைப்பதைவிடக் கொடுமை குறைந்தது. அதேபோல், கூடுதல் சுமை ஓராண்டைத் தாண்டியும் நீடித்தால் அது தற்காலிக ஒத்துழைப்பு ஆகாது. ஊதியம் இல்லாத கூடுதல் பணி என்றாகிவிடும். அப்போது பேச வேண்டியது ஊதியத்தைப் பற்றி.

ஆட்குறைப்பில் வெளியேறுபவருக்கு என்ன தர வேண்டும் என்பதைச் சட்டம் சொல்கிறது. பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தரப்பட வேண்டும் என்ற கணக்கு அவருக்கு உண்டு. எஞ்சியிருப்பவரின் தலையில் விழும் 5 மணி நேரத்துக்கு அப்படியொரு கணக்கு எங்கும் எழுதப்படவில்லை. ஒரு துறையின் சுவரில் ஒட்டப்பட்ட அந்தத் தாள் அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது. அதைத் தயாரிக்க ஒரு துறைத் தலைவருக்கு நான்கு நாள்கள் ஆயின. முந்தைய ஆண்டில் கட்டடவியல் துறைக்குச் சுற்றறிக்கை எழுத ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும். அதற்கான விலையைக் கல்லூரி ஒரு பருவம் முழுவதும் செலுத்தியது.

கட்டுரையாளர்: ஓய்வுபெற்ற பொருளாதாரப் பேராசிரியர்.